நாப்பது வயசுல சரளி வரிசை: நேர்லயா, ஆன்லைன்லயா? (கேள்வி பதில்)

பெங்களூர்வாசி: எனக்கு 38 வயசு, பாட்டு சுத்தமா தெரியாது. நல்ல வாய்ப்பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போய் வர மூணு மணி நேரம் டிராஃபிக்லயே போயிடும். ஆன்லைன் மட்டும் போதுமா மேடம்?

பதில்: போதும், ஆனா எதை இழக்கறீங்கன்னு தெரிஞ்சுட்டு சேருங்க. நான் நங்கநல்லூர்ல கர்நாடக சங்கீதம் சொல்லித்தரேன், 2020க்கு அப்புறம் என் ஸ்டூடன்ட்ஸ்ல பாதிப் பேர் ஆன்லைன்தான், எல்லாரும் பெரியவங்க. நேர்ல நான் ஸரிகம பாடும்போது நீங்களும் கூடவே பாடுவீங்க, உங்க குரல் என் குரல் மேல சாஞ்சுக்கும், அப்படி சாஞ்சே ஸ்வரத்தோட இடம் காதுக்குப் பழகும். ஆன்லைன்ல இது கிடையாது, ஏன்னா ரெண்டு பேர் சேர்ந்து பாடவே முடியாது. நான் ஒரு வரி பாடுவேன், நிறுத்துவேன், நீங்க தனியா பாடணும்.

ஆரம்பத்துல ரெண்டு மாசம் இது பெரிய நஷ்டம். அப்புறம் இதுவே லாபமாவும் ஆகுது, அதை யாரும் சொல்றதில்ல. நேர்ல எட்டு பேர் உக்காந்து பாடற குரூப் கிளாஸ்ல ஒருத்தர் ஆறு மாசம் பக்கத்துல இருக்கறவங்க குரல்லயே ஒளிஞ்சுட்டு ஓட்டிடலாம், தனியா பாடச் சொன்னா ரெண்டாவது வரிசையிலயே ஸ்ருதி விலகும். ஆன்லைன்ல ஒளிய இடமே இல்ல. அதனால முடிஞ்சா முதல் பத்து கிளாஸ், லீவு போட்டாவது, நேர்ல போங்க, மிச்சம் ஆன்லைன், மாசம் ஒரு தடவை நேர்ல போய் பாடிக் காட்டுங்க. அதுவும் முடியாதுன்னா ஆன்லைன்லயே தொடங்குங்க, ஆனா தனி கிளாஸ்தான், குரூப் வேண்டாம்.

மிருதங்க ரசிகன்: ஆன்லைன்ல டிலே இருக்கறதால தாளம் கத்துக்கவே முடியாதுன்னு எங்க வாத்தியார் சொல்வார். தாளம் இல்லாத வரிசை எதுக்கு?

பதில்: உங்க வாத்தியார் சொல்றதுல முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு. கணக்கு போட்டுப் பாருங்க. தாளத்தோட ஒரு எண்ணிக்கைக்கு, அதாவது ஒரு அட்சரத்துக்கு, ஒரு செகண்ட்னு வச்சா எட்டு அட்சரம் இருக்கற ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் எட்டு செகண்ட். முதல் காலத்துல ஒரு அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், மூணாம் காலத்துல நாலு, அதாவது ஒரு ஸ்வரத்துக்கு கால் செகண்ட்தான். நான் போடற தாளம் உங்க கிட்ட வர கால் செகண்ட், அதைக் கேட்டு நீங்க பாடினது எனக்கு வர இன்னொரு கால் செகண்ட்னு வச்சுப்போம் (நெட் சுமாரா இருந்தா இதுக்கு மேலயும் போகும்). நீங்க அச்சு மாதிரி பாடியிருப்பீங்க, எனக்கு ரெண்டு ஸ்வரம் பின்னாடி கேக்கும். முதல் காலத்துல அதே டிலே அரை ஸ்வரம்தான், ஏதோ இழுக்கறாங்கன்னு தோணும், அவ்வளவுதான்.

அதுக்காக தாளத்தை விட வேண்டியதில்ல, டீச்சர் தாளம் போடறதைத்தான் விடணும். தாளம் ஸ்டூடன்ட் கையிலயே இருக்கட்டும், பாடற குரலும் தட்டற கையும் ஒரே ரூம்ல இருக்கறதால ரெண்டும் சேர்ந்துதான் எனக்கு வந்து சேரும், சேர்ந்து லேட்டா வந்தா என்ன கெட்டுப்போச்சு. கை தொடையில விழற சத்தமும் தெரியணும், கை கேமராவுலயும் தெரியணும். நேர்லயும் ஒரு கட்டத்துல தாளத்தை ஸ்டூடன்ட் கைக்கு மாத்தத்தானே வேணும், இங்க அது முதல் நாளே நடக்குது.

திருச்சி பேங்க் சார்: மேடம், மேல சொன்னது என் கதை மாதிரியே இருக்கு. வயசு 41, நாலு மாசமா ஆன்லைன். மூணாம் காலம் "லேட், லேட்"னு டீச்சர் சொல்லிட்டே இருக்காங்க, எனக்கு சரியாத்தான் கேக்குது. மேல் ஸா பாடினா தொண்டை வேற வலிக்குது.

பதில்: சார், உங்க கிட்ட ரெண்டு தனித்தனி பிரச்சனை இருக்கு. முதல்ல லேட் விஷயம். கிளாஸ் நடக்கும்போதே இன்னொரு போனை உங்க பக்கத்துல வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, ஆனா டீச்சரோட தாளத்துக்குப் பாடாம உங்க கையால தட்டிப் பாடுங்க. போட்டுக் கேளுங்க. மூணாம் காலத்துல முதல் ஸ்வரம் தட்டோட சேர்ந்து விழுந்தா நீங்க சரி, லேட் எல்லாம் நெட்டோட வேலை. அந்த ரெக்கார்டிங்க அப்படியே டீச்சருக்கு அனுப்பிடுங்க, விளக்கமே வேண்டாம். அதுலயும் கை ஓடிப்போய் குரல் பின்னாடி வந்துச்சுன்னா நிஜமாவே லேட்தான், ரெண்டாம் காலத்துக்கு இறங்கி ஒரு வாரம் அங்கயே இருங்க.

தொண்டை வலி விஷயத்துல ஒரு கேள்வி. உங்க டீச்சர் பெண்ணா? எத்தனை கட்டை ஸ்ருதியில பாடறீங்க?

திருச்சி பேங்க் சார்: ஆமா மேடம், பெண்தான். அஞ்சரை கட்டை, அவங்க தம்பூராவே அதான்.

பதில்: அதேதான். பெண்களுக்குப் பொதுவா அஞ்சு, அஞ்சரை, ஆறு கட்டை வசதி, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு. அவங்க ஸ்ருதியில நீங்க பாடினா மேல் ஸா உங்க தொண்டைக்குக் கத்தல், ஒரு ஸ்தாயி இறக்கினா கீழ பேச்சு மாதிரி முணுமுணுப்பு. நேர்ல உக்காந்திருந்தா கழுத்து நரம்பு புடைக்கறதைப் பாத்தே டீச்சர் முதல் வாரம் மாத்தியிருப்பாங்க, ஸ்க்ரீன்ல கழுத்து தெரிஞ்சாலும் ஸ்டாம்ப் சைஸ்லதான். உங்க பக்கம் ஒண்ணு, ஒன்றரை, ரெண்டுன்னு தம்பூரா ஆப்ல வச்சு கீழ் பா-லேருந்து மேல் பா வரைக்கும் போய்ப் பாருங்க, ரெண்டு ஓரமும் அழுத்தாம எதுல வருதோ அதுதான் உங்க கட்டை. டீச்சர் உங்க ஸ்ருதியில ஒரு வரி பாடிக்காட்ட அவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், சொல்லிக் கேளுங்க, வேற வழியில்ல.

அபார்ட்மென்ட் அக்கா: ஸ்வரத்தை இழுத்துப் பிடிச்சா பாதியில சத்தமே கட் ஆகுதுன்னு டீச்சர் சொல்றாங்க. தம்பூராவும் அவங்களுக்குக் கேக்கவே இல்லையாம். போன் மாத்தணுமா?

பதில்: வேண்டாம்மா. இந்த ஆப் எல்லாம் பேச்சுக்காகப் பண்ணது, மாறாம தொடர்ந்து வர சத்தம்னா ஃபேன், ஏசின்னு நினைச்சு அழிச்சிடும், தம்பூராவும் நீங்க நீட்டிப் பிடிக்கற ஸாவும் அதுக்கு ஃபேன் மாதிரிதான். Zoom-ல லேப்டாப்ல Settings, அதுல Audio போய் "Original sound for musicians" செலக்ட் பண்ணுங்க, கிளாஸ் ஆரம்பிச்சதும் மேல வர பட்டன் On-ல இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, மறந்துடும். அது ஆன்ல இருந்தா ஒயர் இயர்போன் கட்டாயம், இல்லன்னா டீச்சர் குரல் உங்க ஸ்பீக்கர்லேருந்து திரும்ப அவங்களுக்கே எதிரொலிக்கும். ப்ளூடூத் வேண்டாம், மைக் சேர்ந்து ஓடும்போது சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆயிடும். ஒரு காதுல மட்டும் மாட்டுங்க, இன்னொரு காது உங்க சொந்தக் குரலுக்கு.

அபார்ட்மென்ட் அக்கா: ரொம்ப நன்றி. இன்னொண்ணு, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவா இருக்கும்னு மெதுவாத்தான் பாடறேன். டீச்சர் ஒண்ணும் சொல்லல, அப்ப சரிதானே?

பதில்: சரியில்ல, டீச்சருக்கு அது தெரியவே வாய்ப்பு கம்மி. மைக் நீங்க மெதுவா பாடினா தானே சத்தத்தை ஏத்திக்கும், கத்தினா இறக்கிக்கும், அந்தப் பக்கம் எல்லாமே ஒரே அளவாத்தான் கேக்கும். உங்களுக்கு ஆறு மாசத்துல கள்ளக்குரல் பழகிடும், அப்புறம் வாய் திறந்து பாடச் சொன்னா மேல போகப் போக குரல் உடையும். இதை எடுக்க எனக்கு ஒரு ஸ்டூடன்ட் கிட்ட ஒரு வருஷம் ஆச்சு. காலையில ஏழு மணிக்கு மேல ஒரு இருபது நிமிஷமாவது ஜன்னலைச் சாத்திட்டு முழுக் குரல்ல பாடுங்க, பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடற நேரம்தானே அது.

மதுரை அப்பா: என் பொண்ணுக்கு ஏழு வயசு. நேர்ல அனுப்பறேன். வீட்ல ஸ்வரம் பழக கீபோர்டு வாங்கித் தரலாமா?

பதில்: இங்க பெரியவங்க கத்துக்கறதைப் பத்திதான் பேசறோம் சார், குழந்தைங்க விஷயம் வேற, உங்க டீச்சரையே கேளுங்க. ஆனா கீபோர்டு கேள்வி எல்லாருக்கும் வரும். வெள்ளைக் கட்டையில வரிசையா அழுத்தினா வர்றது சங்கராபரணம். நம்ம சரளி வரிசை மாயாமாளவகௌளை, ஒண்ணாம் கட்டைன்னா அதுல ரி, த ரெண்டும் கறுப்புக் கட்டை, ஸாவுக்கும் பாவுக்கும் ஒட்டினாப்ல இருக்கும். பெரியவங்க எல்லாரும் தப்பு பண்ற இடமும் இதேதான், சினிமாப் பாட்டு கேட்ட காதுக்கு பெரிய ரிதான் பழக்கம், அதனால ரியைக் கொஞ்சம் மேல தூக்கிடுவாங்க, நி-யை ஸாவுக்குப் பக்கத்துல கொண்டு போகாம கீழயே விட்டுடுவாங்க. கீபோர்டை ஒரு ஸ்வரம் சந்தேகம்னா அழுத்திப் பாக்க வச்சுக்கலாம், அதோட கூடவே பாடப் பழகினா மறுபடி சாயறதுதான்.

ஸ்ருதி நிக்குதான்னு பாக்க நான் சொல்ற வழி இது: தம்பூராவுல ஸா பிடிச்சுட்டு ஆப்பை ஆஃப் பண்ணிடுங்க, ஒரு வரிசையை மூணு காலமும் பாடுங்க, கடைசி ஸாவை நீட்டிட்டே ஆப்பை ஆன் பண்ணுங்க. சேர்ந்தா சரி. சேரலன்னா மேல போயிருக்கா கீழ வந்திருக்கான்னு எழுதி வைங்க, பெரும்பாலும் ஒரே பக்கமாத்தான் போகும், அதைத்தான் டீச்சர் கிட்ட சொல்லணும்.

சென்னை ரிட்டயர்டு: எனக்கு 63. சரளி, ஜண்டை, அலங்காரம்னு வரிசையிலயே ரெண்டு வருஷம் போயிடுமே, நேரா ஒரு சின்னப் பாட்டு கத்துக்கக் கூடாதா?

பதில்: இதுல எனக்கும் என் குருவுக்குமே ஒத்துப்போகல சார். அலங்காரம் முடியாம கீதம் கிடையாதுன்னு அவர் கறாரா இருந்தார். நான் பெரியவங்களுக்கு ஜண்டை பாதியில இருக்கும்போதே மலஹரி கீதம் ஒண்ணு ஆரம்பிச்சிடறேன், அது மாயாமாளவகௌளையோட ஜன்யம்தான், புது ஸ்வரம் எதுவும் வராது. சில பேர் அதுக்கப்புறம் வரிசைக்குத் திரும்பவே இல்ல, அவங்க மூணாம் காலம் இன்னிக்கும் தள்ளாடுது. சில பேர் அந்தக் கீதம் இல்லன்னா மூணாம் மாசமே நின்னிருப்பாங்க. நீங்க எந்த ரகம்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அஞ்சரை மணிக்கு கிளாஸ் இருக்கு, மிச்சக் கேள்விகளுக்கு ராத்திரி வந்து பதில் எழுதறேன்.