ஒருவருக்கு முதுகில், இன்னொருவருக்கு மார்பில் ஊசி ஏன்?

"மேலூர்க்காரன். அப்பாவுக்கு நெஞ்சில் நீர் என்று மதுரையில் சேர்த்தோம். உட்கார வைத்து முதுகில் ஊசி போட்டு எடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் பையனுக்குக் காற்றாம், முன்பக்கம் மேலே குத்தினார்கள். இரண்டும் மூச்சுத்திணறல்தானே?"

இடம் ஒன்றுதான்: நுரையீரலைச் சுற்றிய இரண்டு உறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு. அதில் எது சேர்ந்தாலும் நுரையீரல் அமுங்கும். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது நீர் கீழே தேங்கும், காற்று மேலே ஏறும். ஊசி போகும் இடம் அதனால்தான் மாறுகிறது.

டாக்டர் விரலால் தட்டிப் பார்த்திருப்பாரே? பாதி நிரம்பிய குடத்தைத் தட்டுவது போலத்தான். நீர் இருக்கும் பக்கம் மொத்தென்று கேட்கும். காற்று இருந்தால் வழக்கத்தைவிடக் கணீரென்று கேட்கும். ஸ்டெதஸ்கோப்பில் மூச்சுச் சத்தம் இரண்டிலும் குறையும், அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுப்பதும் இதற்காகத்தான். சுமார் 200 மில்லி நீர் சேர்ந்தால் விலாவின் கீழ்மூலை மழுங்கித் தெரியும். காற்றென்றால் நுரையீரலின் ஓரம் மெல்லிய கோடாகவும், அதற்கு வெளியே வெறும் கறுப்பாகவும் இருக்கும். படுக்க வைத்து எடுத்த படத்தில் இரண்டுமே தப்பிவிடலாம்.

பையனுக்கு அவசரமாகக் குத்தினார்கள் என்றால், காற்று உள்ளே போய் வெளியேறாமல் அழுத்தம் ஏறியிருக்கலாம். அது இதயத்துக்கு ரத்தம் திரும்புவதையே தடுக்கும். அப்போது எக்ஸ்ரேக்குக் காத்திருக்க மாட்டார்கள். நீர் பெரும்பாலும் மெதுவாகச் சேரும். எடுப்பதும் ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்குள்தான். அமுங்கிய நுரையீரல் சட்டென விரிந்தால் சில சமயம் அதற்குள்ளேயே நீர் கோத்துவிடலாம்.

அப்புறம் ஒன்று: நீர் எடுத்த ஊசி நுரையீரலில் பட்டால் காற்றும் கசியலாம். அப்பாவுக்குத் திடீரென நெஞ்சுவலியோ திணறலோ கூடினால், ராத்திரியானாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.