குறைந்தபட்சக் கட்டணம் முதலில், அவசரக் கட்டணம் பிறகு

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு சொல்லுக்கு 2, ஒரு வேலைக்குக் குறைந்தபட்சம் 500, மறுநாளே வேண்டுமென்றால் 50 சதவீதம் கூடுதல் என்று வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறேன். 140 சொற்களை ஒரே இரவில் முடித்துக் கொடுத்து 750 என்று பில் அனுப்பினேன். 500தான் வரும் என்கிறார்கள். யார் கணக்கு சரி?

பதில்: இரண்டு கணக்கிலும் கூட்டல் பெருக்கல் தவறு இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் வித்தியாசம். 140 சொற்களுக்கு 280 வருகிறது. அது 500-க்குக் குறைவு என்பதால் 500 என்று வைத்து, அதன் மேல் 50 சதவீதம் சேர்த்திருக்கிறீர்கள்: 750. அவர்கள் 280-இன் மேல் முதலில் 50 சதவீதம் சேர்த்து 420 ஆக்கி, அதுவும் 500-ஐத் தொடாததால் 500 என்று நிறுத்தியிருக்கிறார்கள். விரிதாளில் எழுதினால், B2 சொல் எண்ணிக்கை, B3 சொல்வீதம், B4 குறைந்தபட்சம், B5 அவசரச் சதவீதம்:

```
=MAX(B2*B3, B4)*(1+B5)     → 750
=MAX(B2*B3*(1+B5), B4)     → 500
```

நியாயம் உங்கள் பக்கம்தான். கோப்பைத் திறப்பது, சந்தேகம் கேட்பது, பில் எழுதுவது எல்லாம் 50 சொல்லானாலும் 500 சொல்லானாலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை. குறைந்தபட்சக் கட்டணம் அதற்கானது. அவசரக் கட்டணமோ ராத்திரி உட்காருவதற்கும் கையிலிருக்கும் வேலையைத் தள்ளிவைப்பதற்கும். ஒன்று இன்னொன்றை விழுங்கக் கூடாது. அவர்கள் முறைப்படி பார்த்தால் 166 சொற்கள் வரை அவசரம் முழுக்க இலவசம். 167-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கி, 250 சொற்களில் (500-ஐ 2-ஆல் வகுத்தால் வருவது) இரண்டு முறையும் ஒன்றாகிவிடும். 250-க்கு மேல் இந்தத் தகராறே எழாது. பெரிய வேலைகளில் நீங்கள் இதைக் கவனிக்காமல் இருந்ததற்குக் காரணமும் அதுவே.

பில்லில் எழுதும் விதமும் சண்டையைக் கிளப்பும். 140 சொற்கள் என்று போட்டு, தொகை 500 வரும்படி வீதத்தை 3.57 ஆக்காதீர்கள். பேசிய வீதம் 2 என்று அவர்கள் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். 140-ஐ 3.57-ஆல் பெருக்கினால் 499.80 வரும் என்பது தனித் தலைவலி. இப்படி எழுதலாம்:

முதல் வரி: மொழிபெயர்ப்பு, குறைந்தபட்சக் கட்டணம் (140 சொற்கள்), எண்ணிக்கை 1, தொகை 500.
இரண்டாம் வரி: அவசரக் கட்டணம், மேற்கண்ட தொகையில் 50 சதவீதம், 250.
மொத்தம் 750. வரி உண்டென்றால் அதற்குப் பிறகு.

அவசரத்தைத் தனி வரியாக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 1,800 சொற்களில் 600 மட்டும் நாளை காலை வேண்டும், மீதி அடுத்த வாரம் என்றால், கூடுதல் அந்த 600-க்கு மட்டுமே. 600 சொற்களுக்கு 1,200, அதன் மேல் அவசரம் 600, மீதி 1,200 சொற்களுக்கு 2,400, ஆக 4,200. முழு வேலைக்கும் 50 சதவீதம் போட்டு 5,400 கேட்டால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வரமாட்டார். சொன்ன நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் போனால் அவசர வரியை நீங்களே எடுத்துவிடுங்கள்.

எந்தப் பிரதியின் சொற்களை எண்ணுவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ‘இன் தி ஹவுஸ்’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள் தமிழில் ‘வீட்டில்’ என்ற ஒரே சொல். தமிழாக்கத்தை எண்ணினால் உங்களுக்கு நஷ்டம். மூலத்தை எண்ணினால் வேலை தொடங்கும் முன்பே தொகை தெரியும், இருவருக்கும் நிம்மதி. படத்துக்குள் இருக்கும் எழுத்துகளை மென்பொருள் எண்ணாது. அவற்றைக் கையால் எண்ணி, வேலையை ஏற்கும்போதே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.

குறைந்தபட்சம் கோப்புக்கா, வேலைக்கா என்பதும் அப்படித்தான். ஒரே அஞ்சலில் மூன்று சின்னக் கோப்புகள் வந்தால் சொற்களைக் கூட்டி ஒரே வேலையாகக் கணக்கிடுவது சரி. முடித்து அனுப்பிய பிறகு “இன்னும் நாலு வரி” என்று வந்தால் அது புது வேலை, புதுக் குறைந்தபட்சம்.

இப்போதைய பில்லுக்கு, பேச்சுவார்த்தை நடந்த அஞ்சலை எடுத்துப் பாருங்கள். “மொத்தத் தொகையில் 50 சதவீதம்” என்ற பொருளில் எழுதியிருந்தால், அந்த வரியோடு 750-ஐயே மறுபடி அனுப்புங்கள். “சொல்வீதத்தில் 50 சதவீதம்” என்றிருந்தால் வீதம் 3 ஆகி, 420 வந்து, அவர்கள் சொன்ன 500-லேயே முடிகிறது. இந்த முறை அதை வாங்கிக்கொண்டு, “அவசரக் கட்டணம், குறைந்தபட்சக் கட்டணத்தின் மேலும் சேரும்” என்ற வாக்கியத்தை அடுத்த விலைப்புள்ளியில் சேர்த்துவிடுங்கள்.