கிரியேட்டினின் சரி, ஆனால் புரதம் கசிகிறது: ஏன்?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு முகமும் கால்களும் வீங்கியுள்ளன. சிறுநீரில் புரதம் 3+ என்கிறார்கள். கிரியேட்டினின் சரியாக இருக்கும்போது சிறுநீரகம் எப்படிப் பழுதாகும்?

பதில்: இரத்தத்திலிருந்து கழிவை வெளியேற்றுவது ஒரு வேலை, புரதத்தைத் தடுத்து நிறுத்துவது வேறு வேலை. தசைகளில் உண்டாகும் கழிவான கிரியேட்டினின் முதல் வேலையை மட்டுமே அளக்கிறது. அது மிகச் சிறிய மூலக்கூறு என்பதால், புரதம் கசியும் வடிகட்டியிலும் தடையின்றி வெளியேறி, இரத்தத்தில் இயல்பான அளவிலேயே இருந்துவிடும்.

வடிகட்டியில் மூன்று அடுக்குகள் உள்ளன. உட்புறம் துளைகள் நிறைந்த இரத்தக்குழாய்ச் சுவர். நடுவில் கொலாஜன் பின்னிய சவ்வு. வெளிப்புறம் கைவிரல்களைக் கோத்தாற்போல் பாதங்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் போடோசைட் செல்கள். பாதங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய பிளவை நெஃப்ரின் போன்ற புரதங்களாலான மெல்லிய திரை மூடியிருக்கும். உட்சுவரின் துளைகள், இரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமினைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே பின்னிரு அடுக்குகள் கெட்டால் அல்புமின் வெளியேறிவிடும். நடுச்சவ்வு சிதையும் நோய்களில் இரத்தமும் சேர்ந்து வருவதுண்டு. இந்த வயதில் சிறுநீரில் இரத்தமோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாமல் வீக்கம் வந்தால், பெரும்பாலும் வெளி அடுக்கின் பாதங்கள் தட்டையாகி, திரை குலைந்திருக்கும். அல்புமின் இழப்போடு உப்பும் உடலில் தங்குவதால் நீர் திசுக்களில் தேங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்த நான்கு வாரங்களுக்குள் கசிவு நின்றுவிடுகிறது.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் 3+ என்பது புரதத்தின் அடர்த்தியை மட்டுமே சொல்கிறது. ஒரு டெசிலிட்டர் சிறுநீரில் 400 மில்லிகிராம் புரதமும் 80 மில்லிகிராம் கிரியேட்டினினும் இருந்தால் விகிதம் 5. இயல்பு 0.2-க்குக் கீழ், 2-க்கு மேல் என்றால் பெருங்கசிவு. பையன் நிறையத் தண்ணீர் குடித்தபின் அவை 100, 20 என நீர்த்தால், பட்டை 2+ காட்டும். விகிதமோ அதே 5. இந்தப் போலி முன்னேற்றத்தைக் காட்டித்தான் ‘சிறுநீரகச் சுத்திகரிப்பு’ மருந்து விற்பவர்கள் பெற்றோரை ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்கிறார்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. புரதப் பொடியும் வேண்டாம். அதனால் கசிவு அடைபடாது. உப்பைக் குறையுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கவனமாகச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பதின்வயதினருக்கு, நிற்கும்போது மட்டும் புரதம் கசியும். படுத்தெழுந்ததும் எடுத்த சிறுநீரில் இராது. அது நோயன்று, வீக்கமும் வராது. ஆகவே இரவு படுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் செய்து, காலை முதல் சிறுநீரையே கொடுக்க வேண்டும். நண்பகலில் கைக்குக் கிடைத்ததை வாங்கி, விகிதமும் பார்க்காமல் கூட்டல் குறிகளை மட்டும் அச்சிட்டுத் தரும் ஆய்வகங்களிடம் இதை எத்தனை முறைதான் சொல்வது? உங்கள் மகனுக்கு வீக்கம் இருப்பதால் இந்த விலக்கு பொருந்தாது; காலைச் சிறுநீரில் விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கசிவு நின்ற பிறகும் வீட்டில் தினமும் காலையில் பட்டையால் சோதியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால், வீக்கத்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.