ஸ்கேனில் தெரியாத தலையிடி

"எனக்கு 44 வயது. கொக்குவிலில் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறேன். ஒன்றரை வருடமாகப் பின்னேரமானால் தலையைச் சுற்றிக் கயிறு கட்டினதுபோல் தலையிடி. பிடரி இறுகிப்போகும், நாரியும் உளையும். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்கிறார்கள். தினமும் இரண்டு பனடோல் போடுகிறேன், இப்போது அதுவும் கேட்பதில்லை. மகன் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட நாளிலிருந்து ஒரே யோசனை. யோசித்தால் உடம்பு நோகுமா? இதற்கு என்ன செய்யலாம்?"

நோகும். அது கற்பனை நோவும் இல்லை. மூளையில் கட்டி இருந்தால், இரத்தம் கசிந்திருந்தால் ஸ்கேனில் தெரியும். ஒரு தசை நாள் முழுக்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதில் தெரியாது. "ஒன்றும் இல்லை" என்று சொன்னவர்கள் அந்தப் பயங்கரமானவை இல்லை என்றுதான் சொன்னார்கள். அதை "உனக்கு நோவே இல்லை" என்று விளங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அழுத பலரை என் அறையில் பார்த்திருக்கிறேன்.

இதை வாசிக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர அவை தொடவே கூடாது. உதடு மூடியிருக்கும், பல் விலகியிருக்கும்; அதுதான் தாடை ஓய்வாக இருக்கும் நிலை. அடுத்து, தோள் இரண்டையும் கீழே விட்டுப் பாருங்கள். அவை கொஞ்சமாவது இறங்கினால், இவ்வளவு நேரமும் தூக்கித்தான் வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம்.

பயந்த உடம்பு செய்கிற வேலை இது. அடி விழப்போகிறது என்றால் தோளை உயர்த்தி, பல்லைக் கடித்து, நாரியை இறுக்கி, மூச்சை நெஞ்சோடு நிறுத்துவோம். ஆபத்து ஐந்து நிமிடத்தில் போனால் தசையும் விட்டுவிடும். உங்களுக்கு அந்த ஐந்து நிமிடம் ஒன்றரை வருடமாக நீண்டிருக்கிறது. மகன் போய்ச் சேர்ந்தானா, விசா கிடைக்குமா, ஏன் இன்றைக்கு அழைப்பு வரவில்லை என்று மனம் காத்திருக்க, உடம்பும் காவல் நிற்கிறது. நெஞ்சால் மட்டும் மூச்சு விடுகிறவர்களுக்கு இன்னொரு சுமையும் சேரும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பைத் தூக்கக் கழுத்துத் தசைகள் துணைக்கு வரவேண்டியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு தடவையாவது மூச்சு விடுகிறோம். இரவு வர அந்தக் கழுத்து என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கழுத்து இறுகினால் நெற்றி ஏன் நோக வேண்டும்? கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகம், நெற்றியிலிருந்து வரும் நரம்பும் மூளையின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. பிடரியிலிருந்து வரும் நோவை மூளை நெற்றியின் நோவாகவும் வாசித்துவிடும். மாதக்கணக்கில் இப்படி நோவுச் செய்தி போய்க்கொண்டிருந்தால் அதை வாங்குகிற இடமே கூருணர்வு பெற்றுவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத சின்ன இறுக்கமும் இப்போது வலிக்கும். சித்தாலேப பூசி யாராவது நீவிவிட்டால் இரண்டு மணித்தியாலம் சுகமாக இருந்து திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். தசையைத் தளர்த்துவது பாதி வேலை. நரம்பு அடங்குவதற்கு வாரங்கள் வேண்டும்.

பனடோலைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அது கெடுக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து பரசிட்டமோல் எடுத்தால், அந்த மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கோடீன் போன்றவை கலந்த கூட்டு மாத்திரையென்றால் 10 நாளே போதும். நீங்கள் கூடுதலாக எடுக்கவில்லை, இரண்டுதான் போடுகிறீர்கள். ஆனால் இங்கே எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. வெறும் பனடோல்தான் என்றால் ஒரு நாளைக் குறித்து ஒரேயடியாக நிறுத்தலாம். முதல் ஒரு வாரம், பத்து நாள் தலையிடி கூடும். மருந்து இல்லாமல் முடியாது என்று தோன்றுகிற அந்தக் கட்டத்தில்தான் பலர் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். தாண்டினால் குறையத் தொடங்கும். முழுப் பலனும் தெரிய இரண்டு மாதம் வரை ஆகலாம். அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் எடுக்காதீர்கள். கோடீன் கலந்த மாத்திரையோ நித்திரைக் குளிசையோ பழக்கத்தில் இருந்தால் நீங்களாக நிறுத்தவேண்டாம், வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

சரி, தசையை விடப் பழகுவது எப்படி? "தளர்வாக இரு" என்று சொன்னால் யாருக்கும் வராது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் ஒரு வழி கண்டார்: முதலில் வேண்டுமென்றே இறுக்கு, பிறகு விடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உடம்புக்குத் தெரியும்.

பாயில் மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், நாரிக்கு இதம். வலது கையைப் பொத்தி ஐந்து வினாடி இறுக்குங்கள். முழுப் பலத்தில் வேண்டாம், பாதிப் பலம் போதும். பிறகு சட்டென்று விட்டு, அரை நிமிடம் அந்தக் கை பாரமாகி இறங்குவதைக் கவனியுங்கள். அதேபோல் இடது கை, பிறகு தோளைக் காதுவரை தூக்கி விடுவது, நெற்றியைச் சுருக்குவது, பல்லை மெதுவாகக் கடித்து விடுவது, வயிறு, தொடை, கடைசியாகப் பாதம். கழுத்தைத் தனியாக இறுக்க வேண்டாம், நோகிற கழுத்து பிடித்துக்கொள்ளும். இதைக் காலையும் இரவும் செய்யுங்கள்.

இதில் வழக்கமாகப் பிழைப்பது இரண்டு இடத்தில். ஒன்று, மெதுமெதுவாக விடுவது. அப்படி விட்டால் தசை பாதியில் நின்றுவிடும், கயிறு அறுந்ததுபோல் விழவேண்டும். மற்றது, தலையிடி வந்த பிறகு மட்டும் செய்வது. நோவில்லாத நேரத்தில் பழகினால்தான் நோகும் நேரத்தில் கைகொடுக்கும். சரியாகச் செய்கிறீர்களா என்று அறிய வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கொஞ்சம் தூக்கி, சொல்லாமல் விடட்டும். ஈரத்துணிபோல் விழுந்தால் நல்லது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிட்டு இறங்கினால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் நாளில் அநேகமாக எல்லோருக்கும் நிற்கும்.

பகலில் இதற்கு நேரமிராது. உங்கள் மெசினிலேயே ஒரு மணி இருக்கிறது: பொபின் நூல் முடியும் ஒவ்வொரு முறையும் தோளை விடுங்கள், பல்லை விலக்குங்கள், வயிறு உள்ளே போகும்வரை மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே நாலு எண்ணிக்கை, வெளியே ஆறு, ஐந்து தடவை. எண்ணப் பிடிக்காவிட்டால் மந்திரமோ செபமோ சொல்லலாம், வெளிமூச்சில் நீளமாக வந்தால் சரி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல வைத்தியராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் அடிபட்ட மக்களுக்கு இப்படி அவரவர் மரபிலேயே இருந்த முறைகளைத்தான் பயன்படுத்தினார். அப்புறம், கண்ணையும் பாருங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை குறையத் தொடங்கும். ஊசியைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக் குனிந்தால் எந்தப் பயிற்சியும் நிற்காது. பிரஷரையும் ஒருக்கா அளந்துவிடுங்கள்.

நாரி பற்றி ஒருவர் கதையைச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கடை வைத்திருந்தவர், வயது ஐம்பதுக்குள். கடன் தலைக்கு மேல். நாரி உளைவு என்று மெத்தையை மாற்றினார், கதிரையை மாற்றினார், பெல்ட் கட்டினார். எக்ஸ்ரேயில் "எலும்பு தேய்ந்திருக்கு" என்று யாரோ சொன்னதும் குனியவே பயந்து, தும்புத்தடி பிடிப்பதையும் விட்டுவிட்டார். ஆனால் அந்த வயதில் நோவே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்வு தெரியும். ஒரு கொப்பியில் மூன்று வாரம் நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னேன். மூட்டை தூக்கிய நாளில் நாலு. கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு. திங்கள் காலையில்தான் கடன்காரர் வருவார். அதை அவரே எழுதிவிட்டு அவரே வாசித்தபோது முகம் மாறியது. பெல்டைக் கழற்றி, பின்னேரம் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டினார். முதல் வாரம் கொஞ்சம் நொந்தது, பிறகு இல்லை. இறுக்கி விடும் பயிற்சியும் செய்தார். எட்டாவது வாரம் ஞாயிறு மூன்றுக்கு வந்திருந்தது. கடன் அப்படியே இருந்தது.

நீங்களும் அப்படி ஒரு கொப்பி வையுங்கள். நடையும் உங்களுக்கு வேண்டும். கழுத்துக்குச் சூடு பிடிக்கலாம், துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து 15 நிமிடம். சலூனில் கழுத்தை முறித்துச் சத்தம் வரவைப்பதற்கு மட்டும் ஒருபோதும் தலையைக் கொடுக்காதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு.

சில அறிகுறிகள் வந்தால் நான் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்கவேண்டாம். காய்ச்சலோடு நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியாத அளவு கழுத்து விறைப்பது, இடி விழுந்ததுபோல் ஒரு நொடியில் உச்சத்துக்கு வரும் தலையிடி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பிறகு கூடிவரும் நோவு. நாரியென்றால் சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990 இலவச அம்புலன்ஸ்.

இரண்டு மாதம் விடாமல் செய்தும் கொப்பியில் எண் இறங்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். இரவில் எடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவு இது. வாய் உலரும், காலையில் கொஞ்சம் தூக்கமாக இருக்கும், பலன் தெரிய ஒரு மாதம் பிடிக்கும், பழக்கமாகாது. இதய நோயோ கண் அழுத்தமோ இருந்தால் முன்பே சொல்லவேண்டும். நித்திரை முற்றாகக் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தால், வாழ்ந்து என்ன என்று ஒரு தடவையாவது தோன்றியிருந்தால், இரண்டு மாதம் பார்க்க வேண்டாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பேச ஒருவர் வேண்டுமென்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அங்கே போகும்போதும் கொப்பியைக் கொண்டுபோங்கள், மகனிடமிருந்து அழைப்பு வராத நாட்களையும் அதில் குறித்திருந்தால் இன்னும் நல்லது.