ஒரே சீட்டுக்கு இரண்டு தடவை பணம் போகாமல் இருக்க

கேள்வி: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, நிலுவையில் இருக்கும் வேலைகளை எடுத்துச் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். சில நேரம் ஒரே வேலையை இரண்டு தடவை செய்துவிடுகிறது. எத்தனை தடவை ஓடினாலும் ஒரு தடவைதான் நடக்கும்படி எப்படி மாற்றுவது?

பதில்:

மண்டபம் பக்கம் நண்டு வாங்கும் ஒரு கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் இதே கூத்து நடந்தது. காலையில் நாட்டுப்படகுகள் கரைக்கு வந்ததும் ஷெட்டில் நண்டை எடை போட்டுச் சீட்டு எழுதுவார்கள். அந்தச் சீட்டு கம்ப்யூட்டரில் ஏறும். என் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை `pending` என்று இருப்பதை எடுத்து, பேமென்ட் கேட்வே வழியாகப் படகுக்காரர் கணக்குக்குப் பணம் அனுப்பி, `done` என்று மாற்றும்.

ஒரு நாள் 418-ஆம் சீட்டு. 13 கிலோ, கிலோ 280 ரூபாய், மொத்தம் 3,640. கேட்வேக்குக் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வருவதற்குள் நெட் போய்விட்டது. முப்பது விநாடியில் டைம்அவுட். ஸ்கிரிப்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு சீட்டை `pending`-ஆகவே விட்டது. அடுத்த சுற்றில் இன்னொரு 3,640. மறுநாள் அந்தப் படகுக்காரரே வந்து, "தம்பி, எனக்கு ரெண்டு தடவை ஏறியிருக்கு, பாருங்க" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

முதலில் நான் செய்தது தப்பான வைத்தியம். முந்தைய ஓட்டம் முடியாமல் இருக்கும்போதே கிரான் அடுத்ததைக் கிளப்பிவிடுகிறது என்று நினைத்து `flock -n` போட்டேன். அது இரண்டு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைத் தடுக்கும், அதனால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் சிக்கல் ஒரே நேரத்தில் இரண்டு ஓடியது அல்ல. பணம் அனுப்புவதற்கும் "அனுப்பிவிட்டேன்" என்று எழுதுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே விழுந்தால், நடந்ததா இல்லையா என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அதை எந்தப் பூட்டும் அடைக்காது.

வழியைக் காட்டியது அதே ஷெட்டில் இருந்த கணக்குப்பிள்ளைதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அவர் ரொக்கம் கொடுப்பார். பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே நோட்டில் சீட்டு எண்ணை எழுதிவிடுவார். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு பக்கத்தில் ஒரு டிக். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போய்விட்டு வந்தால், எண் இருந்து டிக் இல்லாத வரியைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் தூக்கிக் கொடுக்கமாட்டார். பெட்டியை எண்ணிப் பார்ப்பார். நான் இரண்டு நிலை வைத்த இடத்தில் அவர் மூன்று நிலை வைத்திருந்தார்.

ஆகவே `pending`, `done` இரண்டுக்கும் நடுவில் `sending` என்று ஒன்று சேர்த்தேன். போஸ்ட்கிரஸில் இப்படி:

```sql
UPDATE payout
SET state = 'sending', claimed_at = now()
WHERE pay_key = $1 AND state = 'pending';
```

இது எத்தனை வரிகளை மாற்றியது என்று பாருங்கள். 1 என்றால் வேலை உங்களுடையது. 0 என்றால் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள், பேசாமல் அடுத்ததற்குப் போங்கள். முதலில் `SELECT` செய்து பார்த்து, அப்புறம் `UPDATE` செய்யாதீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலேயே இன்னொரு ஓட்டம் நுழைந்துவிடும். இன்னொன்று, இந்த மாற்றத்தை `COMMIT` செய்த பிறகுதான் கேட்வேயைக் கூப்பிட வேண்டும். நான் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் `sending` என்பதும் சேர்ந்து அழிந்து பழையபடி `pending` ஆகிவிடும். போன பணம் மட்டும் திரும்பாது.

சரி, `sending`-லேயே பத்து நிமிடம் நிற்கும் சீட்டை என்ன செய்வது? திரும்ப `pending` ஆக்கத்தான் கை போகும். ஆக்காதீர்கள். பெட்டியை எண்ணுங்கள், அதாவது கோரிக்கையோடு அனுப்பிய அடையாளச் சாவியை, அந்த `pay_key`-ஐச் சொல்லி கேட்வேயிடமே நிலையைக் கேளுங்கள். போய்விட்டது என்றால் `done`. தோற்றுவிட்டது என்றால் ஒரு மனிதர் பார்க்கட்டும். இன்னும் நடக்கிறது என்றால் அடுத்த சுற்று வரை விடுங்கள். அப்படி ஒன்று வரவே இல்லை என்றால் மறுபடி அனுப்பலாம், ஆனால் அதே சாவியோடு.

இந்தச் சாவியில்தான் நான் இரண்டாம் முறை சறுக்கினேன். கோரிக்கையோடு ஐடெம்பொடென்சி கீ அனுப்பினால், அதே கீயோடு மறுபடி வருவதைப் புதிய வேலையாக எடுக்காத வசதி பல கேட்வேக்களில் உண்டு. நானும் அனுப்பினேன். ஆனால் லூப்புக்குள் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக `uuid4()` உருவாக்கி அனுப்பினேன். அவர்கள் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு வேலை. சாவி முயற்சியிலிருந்து பிறக்கக் கூடாது, சீட்டிலிருந்து பிறக்க வேண்டும்.

உடனே சீட்டு எண்ணையே சாவியாக்கினேன். அதிலும் ஒரு பள்ளம். சீட்டுப் புத்தகம் தீர்ந்தால் புதுப் புத்தகம் 1-இலிருந்து தொடங்கும். அடுத்த புத்தகத்தின் 418 வந்தபோது "இது ஏற்கெனவே கொடுத்தாயிற்று" என்று `ON CONFLICT DO NOTHING` சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. இரண்டு தடவை கொடுத்தால் யாராவது சொல்வார்கள். கொடுக்காமல் விட்டதற்கு எங்கள் பதிவில் தடயமே இல்லை. இப்போது சாவி இப்படி இருக்கிறது: `mdp-2-b17-418`. ஷெட், புத்தகம், சீட்டு. மோதல் வந்தால் தொகையும் ஒன்றா என்று ஒப்பிட்டு, வேறாக இருந்தால் கத்தச் சொல்லியிருக்கிறேன். எடையைத் திருத்தினால் பழைய வரியைத் தொடுவதில்லை, வித்தியாசத்துக்குத் தனிச் சீட்டு.

கேட்வேயின் நினைவும் நிரந்தரமல்ல. உதாரணமாக ஸ்ட்ரைப்பின் பழைய, முதல் பதிப்பு ஏபிஐயில் 24 மணி நேரம் கடந்த கீகள் நீக்கப்படலாம். அதற்குப் பிறகு அதே கீ போனால் புதிய கோரிக்கைதான். அதனால் ஒரு நாளைக்கு மேல் `sending`-இல் கிடப்பதை ஸ்கிரிப்ட் தானாக மறுபடி அனுப்பக் கூடாது.

எஸ்எம்எஸ் கதை வேறு. நான் பயன்படுத்திய சேவையில் கீயும் இல்லை, பின்னால் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் "சரியாக ஒரு தடவை" கிடைக்காது. தவறினாலும் பரவாயில்லையா, இரட்டித்தாலும் பரவாயில்லையா என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "3,640 அனுப்பியாயிற்று" என்று இரண்டு தடவை போனால் மறுநாள் ஷெட்டில் சண்டை. அதனால் `sms_sent` என்று முதலில் குறித்துவிட்டு அப்புறம் அனுப்புகிறேன். எப்போதாவது ஒன்று போகாது. வங்கியின் குறுஞ்செய்தி எப்படியும் வரும்.

சோதிக்க, கேட்வே கூப்பிடும் வரிக்கு நேர் கீழே இதைப் போடுங்கள்:

```python
send(key, amount)
os._exit(1)   # சோதனைக்கு மட்டும்
mark_done(key)
```

நிஜக் கேட்வேக்குப் பதில், வரும் சாவிகளைக் கோப்பில் எழுதி, கேட்டால் நிலை சொல்லும் சின்னப் போலி சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு, இதை ஒரு தடவை ஓடவிடுங்கள். பிறகு `os._exit` வரியை எடுத்துவிட்டு, இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். பத்து நிமிடக் காத்திருப்பைச் சோதனைக்காகப் பத்து விநாடியாகக் குறைத்துக்கொண்டு, அது கடந்த பிறகு இந்த இரண்டாம் ஓட்டத்தைத் தொடங்குங்கள். கடைசியில் `sort keys.log | uniq -d` எதையும் அச்சிடாமல் திரும்ப வேண்டும், `payout`-இல் எல்லாம் `done` ஆகியிருக்க வேண்டும். என்னுடையதில் முதல் தடவை ஒரு சாவி எட்டிப் பார்த்தது. பார்த்தால், அந்த `COMMIT`-ஐ மறந்திருந்தேன்.