வர்க்கிக் கடையும் மூன்று சொற்களும்: கேள்வி பதில்

பிராண்ட் ஐடென்டிட்டி, இமேஜ், ரெப்யூடேஷன், மூணும் ஒண்ணுதானே? (குன்னூர்)

இல்லைங்க. நான் பெட்டி வடிவமைத்துக் கொடுத்த ஒரு வர்க்கிக் கடையை வைத்துச் சொல்கிறேன். பச்சைப் பலகை, தேயிலை வரைந்த பெட்டி, 'விறகடுப்பு வர்க்கி' என்ற வாசகம், இவையெல்லாம் முதலாளி முடிவு செய்தவை. அது ஐடென்டிட்டி, முழுக்க அவர் கையில் இருப்பது. சிம்ஸ் பூங்கா பார்த்துவிட்டு வருகிறவர் அந்தப் பெட்டியைப் பார்த்ததும், 'விலை கூடத்தான், ஆனால் ஊருக்கு வாங்கிப்போகலாம்' என்று நினைக்கிறாரே, அது இமேஜ். அவர் இன்னும் ஒரு வர்க்கி கூடக் கடிக்கவில்லை.

அதே வாரம் பக்கத்து டீக்கடைக்காரர்கள் 'அந்தக் கடை வர்க்கி மறுநாளே நமத்துப்போகுது' என்றார்கள். திரும்பத் திரும்ப வாங்கியவர்கள் சொன்னது, அதனால் அது ரெப்யூடேஷன். போய்ப் பார்த்தால் பெட்டி மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது. பழைய காகிதப் பொட்டலத்தில் ஆவி தானாக வெளியேறிவிடும், புதுப் பெட்டியில் சூட்டோடு அடைத்ததால் உள்ளேயே நின்றுவிட்டது. அதாவது ஐடென்டிட்டியை மாற்றிய வேலையே பெயரைக் கெடுத்தது, அதில் என் பங்கும் உண்டு. தட்டில் நன்றாக ஆறவைத்து, சுட்ட தேதியை ஒட்டி, நமத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். சரக்கு ஒரே வாரத்தில் சரியானது. டீக்கடைகள் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது.

ரெப்யூடேஷன்னா பழகிப்போன இமேஜ்தானே? (ஊட்டி)

பாதி சரி. ஆனால் மாவு மண்டிக்காரரைப் பாருங்கள். அவர் அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை, பணம் நாள் தவறாமல் வருவதால் கடனுக்கு மூட்டை கொடுக்கிறார். அவரிடம் இமேஜ் என்று ஒன்றும் இல்லை, ரெப்யூடேஷன் மட்டும் இருக்கிறது.

என் ஹோம்ஸ்டேக்குப் பெயரை மாத்தலாமா? ரெண்டு பேர் வெந்நீர் வரலைன்னு எழுதிட்டாங்க. (கோத்தகிரி)

முதலில் கீசரை மாற்றுங்கள்.

ஊட்டி வர்க்கிக்கு 2023ல், எங்க கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அப்புறம் தனிக் கடைக்குப் பேர் எதுக்கு? (கொடைக்கானல்)

நல்ல கேள்வி. அந்தக் குறியீடு ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர் போட்டு விற்காமல் காக்கும். எந்தக் கடையில் இன்று சுட்டது கிடைக்கும் என்று அது சொல்லாது. ஆனால் ஒரு கடையில் நமத்ததைத் தின்றவர், 'ஊட்டி வர்க்கியே இப்போ சரியில்லை' என்றுதான் ஊருக்குப் போய்ச் சொல்வார்.

அப்போ ஒழுங்காச் சுடற நான் ஏன் நஷ்டப்படணும்? (மறுபடியும் குன்னூர்)

படக்கூடாதுதான். உங்கள் தேதியை ஒட்டினால் உங்கள் பெயர் தனியாக நிற்கும். பக்கத்துக் கடை ஊர்ப் பெயரைக் கெடுப்பதைத் தடுக்க, எல்லாக் கடைகளும் சேர்ந்து தேதி ஒட்ட ஒத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல்காரர் அது நடக்காது என்கிறார், நான் நடக்கும் என்கிறேன்.

லோகோவுக்குப் பச்சை நல்லதா, சிவப்பா? (குன்னூர், வேறொருவர்)

இது மூன்றாவது தடவை. எந்த நிறமும் சரி, மூடி வியர்க்கிறதா என்று முதலில் பாருங்கள்.