வெண்புள்ளி: போன நிறம் எங்கிருந்து திரும்பி வரும்?

கேள்வி: தங்கைக்கு 19 வயசு. ஒரு வருஷம் முன்னாடி முழங்கால்ல மிளகு சைஸ்ல ஒரு வெள்ளைப் புள்ளி வந்துச்சு. இப்ப ஒரு ரூபா காசு அளவுக்கு ஆயிடுச்சு. கண்ணோரத்துலயும் விரல் நுனியிலயும் புதுசா வந்திருக்கு. வலி, அரிப்பு எதுவுமே இல்ல. ஏன் இப்படி மெதுவா பரவுது? நிறம் திரும்ப வருமா?

பதில்:

கண்ணோரத்தில் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. முழங்காலில் வரும், ஆனால் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். விரல் நுனியில் வாய்ப்பு மிகவும் குறைவு. ஒரே ஆளின் உடம்பில் இந்த வித்தியாசம் ஏன் என்று புரிந்துவிட்டால், வைத்தியத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்னும் நிறமிச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய கைகளை நீட்டி, சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு மெலனினை ஊட்டுகிறது. ஆகவே ஒரு நிறமிச் செல் செத்தால், அது ஊட்டி வந்த ஒரு சின்ன வட்டாரமே வெளுத்துவிடும்.

அதைக் கொல்வது உடம்பின் சொந்த எதிர்ப்பு அணுக்கள்தான். டி செல் என்ற வெள்ளை அணுக்கள் நிறமிச் செல்லை அந்நியன் என்று தப்பாக அடையாளம் கண்டு தாக்குகின்றன. தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது பட்டதும் பக்கத்துத் தோல் செல்கள், இன்னும் டி செல்களைக் கூப்பிடும் வேதிச் செய்தியை அனுப்புகின்றன. வந்தவை அடுத்த நிறமிச் செல்லைப் பிடிக்கின்றன. ஓரத்திலிருந்து ஓரமாக, செல் செல்லாக நகர்கிற சண்டை இது. அதனால்தான் திட்டு மெதுவாக விரிகிறது. இன்னொரு விஷயம், நிறமிச் செல் செத்த பிறகும் அது ஏற்கெனவே ஊட்டிய மெலனின் மேல்தோலில் இருக்கும். அந்தத் தோல் உதிர்ந்து புதுத்தோல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எனவே கண்ணுக்குத் தெரியும் வெள்ளை ஓரத்தைவிட உள்ளே நடக்கும் தாக்குதல் சற்று முன்னே போய்க்கொண்டிருக்கும்.

முதலில் இது வெண்புள்ளிதானா என்று ஒரு தோல் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். இருட்டறையில் வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டினால், நிறமி முழுதும் போன இடம் நீலம் கலந்த வெண்மையாகப் பளிச்சென்று ஒளிரும். தேமல் அப்படி ஒளிராது, சுரண்டினால் பொடியாகச் செதிலும் வரும். திட்டில் தொடு உணர்வு குறைந்திருந்தால் அது தொழுநோய்க்கான அறிகுறி. வெண்புள்ளியில் உணர்ச்சி குறையவே குறையாது. "வெண்குஷ்டம்" என்ற பழைய பெயர் எத்தனையோ பேரை வீட்டுக்குள் முடக்கியிருக்கிறது. இதற்கும் குஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இது தொற்றவும் தொற்றாது. மருத்துவர் தைராய்டுக்கு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் எடுத்துவிடுங்கள். வெண்புள்ளியும் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது சகஜம்.

இனி முடிக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்து முழங்கால் திட்டுக்குள் இருக்கும் பூனைமுடியைப் பாருங்கள். அது கறுப்பாக இருந்தால் நல்ல செய்தி. மேல்தோலில் நிறமிச் செல்கள் அழிந்த பிறகும், முடி வேரின் பக்கவாட்டில் ஒரு மறைவிடத்தில் நிறமிக்கான மூலச்செல்கள் பெரும்பாலும் தப்பித்து இருக்கும். வைத்தியம் பலிக்கும்போது அவைதான் பெருகி மேலே ஏறி வருகின்றன. அதனால் திரும்பும் நிறம் முதலில் பாலில் மிளகுப்பொடி தூவியது போல, ஒவ்வொரு முடிக்கால் வாயிலும் ஒரு பழுப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று சேரும். திட்டுக்குள் முடியே வெளுத்திருந்தால் அந்தக் கையிருப்பும் தீர்ந்துவிட்டது என்று பொருள். முகத்தில் முடிக்கால்கள் நெருக்கம், அதனால் சீக்கிரம் பலன் தெரியும். விரல் நுனியில் முடிக்காலே கிடையாது. அங்கே நிறம் ஓரத்திலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும்.

வைத்தியத்தின் முதல் வேலை பரவலை நிறுத்துவது. ஒரு வருடத்தில் மூன்று இடம் என்றால் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகமாகப் பரவினால் வாரத்தில் அடுத்தடுத்த 2 நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை தரும் முறை உண்டு. எடை கூடுவது, முகப்பரு, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் வரக்கூடும் என்பதால் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கண்ணோரத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் கூடலாம், இமைத்தோல் மெலியலாம். அங்கே பொதுவாக டாக்ரோலிமஸ் களிம்பைத் தினம் 2 வேளை எழுதுவார்கள். முதல் சில நாட்கள் போட்ட இடம் எரியும். அது அலர்ஜி என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுபவர்கள் நிறைய.

முழங்காலுக்குக் களிம்போடு, 311 நானோமீட்டர் அளவில் இருக்கும் குறுகிய அலைவரிசை யுவிபி என்ற புற ஊதா ஒளியும் சேர்ந்தால் நல்லது. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, அடுத்தடுத்த நாளில் கூடாது. பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் கூட்டுவார்கள். திட்டு இளஞ்சிவப்பாகி 24 மணி நேரத்துக்குள் மறைய வேண்டும், அதுதான் சரியான அளவு. அடுத்த நாளும் சிவப்பு மறையாமல் இருந்தால் அளவைக் கூட்டக் கூடாது. கொப்புளம் வந்தால் ஆறும்வரை நிறுத்த வேண்டும். சிவக்கவே இல்லை என்றால் ஒளி போதவில்லை. பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய குறைந்தது 6 மாதம் தேவை. 2 மாதத்தில் "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கண்ணாடித் தாளைத் திட்டின் மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து தேதி போடுங்கள், மாதம் ஒருமுறை. கோடு நகரவில்லை என்றால் பரவல் நின்றுவிட்டது. பழைய திட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக, அரிசிக்குருணை சிதறினாற்போல வெள்ளை தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அது வேகமாகப் பரவப் போவதன் அடையாளம்.

சிராய்ப்பும் அழுத்தமும் புதுத் திட்டைக் கிளப்பும். முழங்கால் முதலில் வெளுத்ததில் ஆச்சரியம் இல்லை, மண்டியிடும்போதெல்லாம் தேயும் இடம் அது. நாரால் தேய்த்துக் குளிப்பது, இறுக்கமான இடுப்பு எலாஸ்டிக் இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடமோ ரப்பர் செருப்பு வார் படும் இடமோ அதே வடிவில் வெளுத்தால், பசையிலும் ரப்பரிலும் இருக்கும் ரசாயனம் காரணமாக இருக்கலாம். அவற்றை உடனே மாற்ற வேண்டும். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, எலுமிச்சையை ஒதுக்குவதால் நிறம் வந்துவிடுவதும் இல்லை. நாட்டு மருந்தாக அரைத்துப் பூசும் கார்போக அரிசி வேறு கதை. அதில் சோரலென் என்ற, ஒளியோடு வினைபுரியும் பொருள் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அரைத்த விழுதில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாது. பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தீக்காயம் போலக் கொப்புளிக்கும், அந்தப் புண்ணே திட்டைப் பெரிதாக்கிவிடும்.

விரல் நுனிக்கு, குறைந்தது ஒரு வருடம் எந்தத் திட்டும் நகராமல் இருந்த பிறகு, நல்ல தோலிலிருந்து நிறமிச் செல்களை எடுத்து நடும் அறுவை முறையைக் கேட்டுப் பார்க்கலாம். விரல் நுனியில் அதன் வெற்றியும் மற்ற இடங்களைவிடக் குறைவு. அங்கே தோலின் நிறத்துக்கேற்ற பூச்சு நடைமுறையில் போதும் என்பது என் கருத்து.

முழங்காலில் நிறம் முழுதும் திரும்பினாலும் களிம்பை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். தாக்கிய டி செல்களில் சில, பழைய இலக்கை நினைவில் வைத்துக்கொண்டு அதே தோலில் தங்கிவிடுகின்றன. அதனால் வெள்ளை பெரும்பாலும் அதே இடத்தில்தான் திரும்பி வருகிறது, அதுவும் முதல் வருடத்துக்குள். அதைத் தடுக்க, வாரத்தில் 2 நாள் மட்டும் டாக்ரோலிமஸ் தொடர்வதற்கு மருத்துவரிடம் கேளுங்கள்.